விற்ற எடைக்கு வாங்கிய எடை

அந்த நகைக்கடைத் தெருவில் அவளைக் கட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கு வேண்டிய கட்டித் தங்கத்தை மொத்த வியாபாரியான கட்டிக்காரரிடம் வாங்குகிற பொறுப்பு பதினைந்து வருடமாக அவள் கையில் இருந்ததால் வந்த பெயர். புருஷன் பட்டறையில் உட்கார்ந்து நகை பற்றவைப்பான். கொழுந்தன் முன்கடையில் நின்று வாடிக்கையாளரிடம் பேசுவான். மாமியார் கல்லாவில். ஆனால் சாயங்காலம் அந்தக் கறுப்பு போனை எடுத்துக் கட்டிக்காரரிடம் பேசுகிறவள்தான் கடையின் ஆணிவேர் என்று கட்டியக்கா நினைத்தாள். அந்த நினைப்பு தப்பும் இல்லை.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மாமனார் போகும்போது சொத்தாக விட்டுப்போனதில் அதுவும் ஒன்று. பகலில் எத்தனை கிராம் விற்றதோ, ஷட்டர் இறங்குவதற்குள் அத்தனை கிராம் கட்டியாக வாங்கிவிட வேண்டும். பழைய நகை எடுத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படிச் செய்தால் நாளைக்குத் தங்கம் ஏறினாலும் இறங்கினாலும் கடைக்குக் கவலையில்லை. பெட்டியில் எடை அப்படியே இருக்கும், செய்கூலி மட்டும் கையில் நிற்கும். "நாம தங்கத்துல சம்பாதிக்கிறவங்க இல்ல. தங்கத்தைத் தொட்டுட்டு விடுறதுல சம்பாதிக்கிறவங்க" என்று மாமியார் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. அந்தத் தெருவில் காணாமல் போன நாலு கடைகளின் பெயர் தெரிந்தவர்களுக்கு அது வேதம்.

கட்டியக்கா பத்தாவதோடு நின்றவள். மருமகளாக வந்த மூன்றாம் வருடம் மாமியாருக்கு ஒரு கண்ணில் புரை வளர்ந்து, போன் இவள் கைக்கு வந்தது. வந்த ஆறு மாதத்தில் கெட்டிக்காரி என்ற பெயரும் வந்தது. அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அவள் பட்ட பொறாமைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கல்யாண வீட்டார் வந்து கல் பதித்த செட்டுகளாக அள்ளிக்கொண்டு போன நாள் அது. கல் பதித்த நகைக்கு இரண்டு எடை உண்டு: கல்லோடு சேர்ந்த மொத்த எடை, கல்லைக் கழித்த தங்க எடை. வாங்க வேண்டியது இரண்டாவது. புதுப் பொறுப்பின் பதற்றத்தில் கட்டியக்கா முதலாவதைப் பார்த்துக் கட்டிக்காரரிடம் சொல்லிவிட்டாள். விற்றது தங்கமும் சிவப்புக் கல்லும். வாங்கியது முழுக்கத் தங்கம். மறுநாள் காலையில்தான் உறைத்தது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கடைக்கு வந்தால், அங்கே எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் நிற்கிறார்கள். எங்கோ ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் படை புகுந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத சண்டை. தங்கம் விடிவதற்குள் விறுவிறுவென்று ஏறியிருந்தது.

"நேத்து எடை கூட வாங்கியிருக்கியே, உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மாமியார் கேட்டாள்.

கட்டியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூடுதல் எடையை விற்ற லாபத்தில் முன்கடைக்குப் புதுக் கண்ணாடி அலமாரி வந்தது. பெரிய மருமகளுக்கு மூக்கில் வேர்க்கும் என்று தெருவே பேசிக்கொண்டது. பதினைந்து வருடம் ஒரு பொய்யை யாரும் கேட்காமல் வைத்திருந்தால் அது பொய்யென்றே மறந்துபோகும். தனக்கு அன்றைக்கு ஏதோ தோன்றித்தான் வாங்கினோம் என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

இந்த நிலையில்தான் சின்னவள் வந்து சேர்ந்தாள்.

கொழுந்தன் பெண்டாட்டி. படித்தவள், ஒரு வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் பிரிவில் ஏழு வருடம் இருந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, "வீட்டுல சும்மா இருந்தா மண்டை காயுது அத்தை" என்று கடைக்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம் கட்டியக்காவின் மேசைக்கு எதிரே. கெட்டவள் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பெரிய தொந்தரவு. வாய் நிறைய அக்கா என்பாள். டீ வந்தால் முதல் டம்ளரை இவள் பக்கம் நகர்த்துவாள். குறை சொல்ல இடம் கொடுக்காத ஓரகத்தியோடு குடித்தனம் செய்வதைவிடச் சண்டைக்காரியோடு செய்யலாம். அவளைத் திட்டிவிட்டாவது நிம்மதியாகத் தூங்க முடியும்.

கொஞ்ச நாளில், டாலர் ஏன் ஏறுகிறது, வட்டி ஏன் ஏறுகிறது என்று கொழுந்தன் கேட்பான், அவள் சொல்வாள். பிறகு மாமியார் கேட்டாள். பிறகு பட்டறையிலிருந்து கட்டியக்காவின் புருஷனே ஊதுகுழாயைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டான். அன்றைக்கு இரவு அவனுக்குச் சாப்பாடு போடும்போது கரண்டி தட்டில் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

"என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல. கேக்கறதை எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலாம்."

"உன்னைக் கேட்டா ஏறும், இறங்கும்னு சொல்லுவ. அவ ஏன்னு சொல்றா."

அவன் கல்மிஷமில்லாமல்தான் சொன்னான். கல்மிஷமில்லாமல் சொல்வதுதான் உள்ளே போய்த் தைக்கும்.

அடுத்த வருடம் இன்னொரு சண்டை திரண்டது. இது முன்னே வந்தது போலத் திடீரென்று குதித்ததல்ல. மாதக் கணக்கில் எல்லையில் படை குவிந்தது, பெரிய நாடுகள் எச்சரித்தன, செய்தியில் தினமும் வரைபடம் காட்டினார்கள். தங்கம் படிப்படியாக ஏறியது. கட்டியக்காவின் கை அரித்தது. பதினைந்து வருடத்துக்கு முன் வந்த அதிர்ஷ்டம் மறுபடி கதவைத் தட்டுகிறது, இந்தத் தடவை தெரிந்தே திறந்து, படித்தவளுக்கு யார் கடையின் ஆணிவேர் என்று காட்டிவிட வேண்டும். விற்ற எடைக்கு மேல் வாங்கிக்கொள்ளலாமா என்று மாமியாரிடம் கேட்டாள். மூக்கு வேர்த்த மருமகளாயிற்றே என்று மாமியாரும் அரை மனதோடு சட்டத்தைத் தளர்த்தினாள்.

சின்னவள் மட்டும் தயங்கினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சண்டை வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு, எல்லாரும் வாங்கியாச்சு. அந்தப் பயம் இப்பவே விலைக்குள்ள இருக்கு. சண்டை வந்த அன்னிக்குப் புதுசா பயப்பட ஆள் எங்க இருக்கு? வாங்கினவன் விக்கத்தான் பாப்பான்."

"நீ பேங்க்ல நோட்டு எண்ணினவ. தங்கத்தோட குணம் எனக்குத் தெரியும்" என்றாள் கட்டியக்கா.

சின்னவள் சிரித்துக்கொண்டே டீ டம்ளரை நகர்த்தினாள்.

சண்டை வந்தது. காலையில் தங்கம் ஒரு துள்ளு துள்ளியது. கட்டியக்கா புதுப் புடவையில் வந்திருந்தாள். பகல் சாய்வதற்குள், முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் லாபத்தைப் பார்த்து விற்க, ஏற ஆரம்பித்த இடத்துக்கும் கீழே போய்விட்டது. சரி, சண்டை நீளட்டும், தானாக ஏறும் என்று கூடுதலாக வாங்கிய கட்டியை விற்காமல் வைத்திருந்தாள். சண்டையும் நீண்டது. ஆனால் எண்ணெய் விலை ஏறி, அதனால் எல்லா விலையும் ஏறி, விலைவாசியை அடக்க நாடு நாடாக வட்டியை உயர்த்தினார்கள். வங்கியில் போட்டால் நல்ல வட்டி கிடைக்கும்போது, பெட்டியில் தூங்குகிற தங்கம் யாருக்கு வேண்டும்? அது குட்டி போடுமா, பால் கறக்குமா? சண்டை ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்க, தங்கம் மாதா மாதம் இறங்கியது. கடைசியில் மாமியாரே நஷ்டத்துக்கு விற்கச் சொன்னாள்.

திட்டவில்லை. மறுநாள் காலையில் கட்டியக்கா வந்தபோது கறுப்பு போன் எதிர் மேசையில் இருந்தது. அவ்வளவுதான். "நீ பழைய நகை எடுக்கிற கவுன்ட்டரைப் பாத்துக்கோம்மா. உன் கண்ணு கூர்மை" என்றாள் மாமியார்.

அந்தக் கவுன்ட்டர் கடையின் பின்பக்கம், கழிப்பறைக்குப் போகிற வழியில். ஒரு உரைகல், அமிலப் புட்டி, மாற்றுப் பார்க்கிற மெஷின், எடை மெஷின், ஒரு நாற்காலி. அங்கேயிருந்து முன்கடை தெரியாது. ஆனால் பேச்சு கேட்கும். சாயங்காலமானால் சின்னவளின் குரல் வரும்: "அண்ணே, இன்னிக்கு இவ்வளவு எடை போட்டுக்கங்க." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், தன் பாத்திரத்தில் இன்னொருத்தி சாப்பிடுவது போல அவளுக்கு இருந்தது. தெருவில் இன்னும் அவளைக் கட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது அது கேலியாக ஒலித்தது.

தெருவிலுள்ள மற்றக் கடைக்காரர்கள் சின்னவளைத் தேடி வருவார்கள். அவள் எவ்வளவு எளிதாகப் பேசுகிறாள் என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "நோட்டுங்கிறது அரசாங்கம் குடுத்த வாக்கு. டெபாசிட்ங்கிறது பேங்க் குடுத்த வாக்கு. ஷேர் ஒரு கம்பெனியோட வாக்கு. தங்கம் யாரோட வாக்கும் இல்ல. யார் திவாலானாலும் அது இருக்கும். அதான் வாக்கு மேல நம்பிக்கை போறப்ப ஜனங்க அது பக்கம் ஓடுறாங்க." இதெல்லாம் தனக்கும் தெரியும் என்று கட்டியக்காவுக்குத் தோன்றும். தெரிந்ததைச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தவள் தெரிந்தவளாகவும், தெரிந்தவள் கழிப்பறை வழியில் இருப்பவளாகவும் ஏன் ஆக வேண்டும்? உண்மையில் தெரியுமா, அல்லது கேட்ட பிறகு தெரிந்தது போல இருக்கிறதா? இந்தக் கேள்வியை மட்டும் அவள் உரைகல்லில் உரசிப் பார்க்கவில்லை.

போன் சின்னவள் கைக்குப் போன இரண்டாம் வருடம் அந்தப் பீதி வந்தது. வெளிநாட்டில் ஒரு பெரிய கடன் கம்பெனி, போட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று கையை விரித்தது. அதற்குக் கடன் கொடுத்த வங்கிகள் ஆடின. பங்குச் சந்தை சரிந்தது. இது எல்லையில் குவிந்த படை மாதிரி முன்கூட்டித் தெரிந்த பயமல்ல, திடீர்ப் பயம். இனி வட்டியைக் குறைப்பார்கள், சந்தையில் பணத்தை இறக்குவார்கள், தங்கம் ஏறும் என்று சின்னவள் கணக்குப் போட்டாள். கணக்குச் சரிதான். புகழ் ஏறிய தலைக்குள் கணக்கு போனால் என்ன ஆகுமோ அதுவும் ஆனது. மாமியாரைக்கூடக் கேட்காமல், விற்ற எடைக்கு மேல் மடங்கு மடங்காக விலை பேசி வைத்தாள். கையில் கட்டி வாங்க அவ்வளவு பணமில்லை. அதனால் கட்டிக்காரரிடம் ஒரு முன்பணம் கட்டி, இன்றைய விலையில் இத்தனை எடை என்று பதிந்துகொண்டாள். விலை ஏறினால் லாபம் இவளுக்கு. இறங்கினால், இறங்கிய அளவுக்கு முன்பணத்தைக் கூட்டிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர் அந்த எடையை அன்றைய விலைக்கே விற்றுக் கணக்கை முடித்துவிடுவார்.

இரண்டு நாள் ஏறியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சமல்ல. பங்கு விழுந்த அதே நேரத்தில், அதன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தது போல.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவளின் குரலில் சுதி இறங்கியதைக் கட்டியக்கா முதல் நாளே கேட்டுவிட்டாள். மனசுக்குள் யாரோ சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள். பாவம் என்று நினைக்க முயன்று பார்த்தாள். நாக்கு இனித்துக்கொண்டே இருந்தது. தனக்கு இப்படி ஒரு குணமா என்று ஒரு கணம் பயந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் பின்கவுன்ட்டரில் வழக்கமில்லாத ஆட்கள் வந்தார்கள். சாதாரணமாக அங்கே வருகிறவர்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அறுந்த சங்கிலி விற்கிறவர்கள். இப்போது வந்தது டைல்ஸ் கடை முதலாளி, லாரி ஓனர், மூன்று மாடி வீட்டுக்காரர். கொண்டுவந்தது அறுந்த சங்கிலி அல்ல. வீட்டில் உள்ளதிலேயே நல்ல நகை. டைல்ஸ்காரர் தன் மனைவியின் கனமான வளையல்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தபோது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னிக்குப் போய் ஏன் அண்ணே விக்கிறீங்க? விலை இறங்கிக் கிடக்கு."

"கடன் வாங்கி ஷேர் வாங்கியிருந்தேன்மா. ஷேர் விழுந்துடுச்சு, கடன் குடுத்தவன் இன்னிக்கே பணம் வைங்கிறான். ஷேரை வித்தா பாதிதான் வரும். வீட்டை வாங்க ஆள் இல்ல. இது ஒண்ணுதான் கொண்டுவந்து வச்சா உடனே காசு ஆகுது."

அவர் போன பிறகு கட்டியக்கா வளையல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் சந்தைக்கு ஓட்டுவது நல்ல மாட்டைத்தான். நோஞ்சானை யார் வாங்குவார்கள்? தங்கம் கெட்டுப்போனதால் விற்கவில்லை. மற்றது எல்லாம் விற்காததால் தங்கத்தை விற்கிறார்கள். இந்தத் தெருவில் ஒரு டைல்ஸ்காரர் செய்வதையே உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் செய்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் உடனே பணம் வேண்டும். அதுவும் டாலராக வேண்டும். அதனால்தான் பயம் உச்சியில் இருக்கும்போதே தங்கம் இறங்குகிறது. விற்க வேண்டியவர்கள் விற்று முடிக்கும்வரை இறங்கும். பிறகு?

பிறகு நடப்பதற்கும் ஒரு அடையாளம் அவள் மூக்குக்கு எட்டியது. அவள் உருக்கி அனுப்புகிற பழைய தங்கத்தைக் கட்டிக்காரர் முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை ஆள் விட்டு எடுப்பார். இப்போது தினமும் அவரே வந்தார். "திரையில விலை விழுது, ஆனா கையில கட்டி கிடைக்கல. இறக்குமதிக்கு பேங்க் கடன் குடுக்கல, வெளிநாட்டுச் சரக்கு வரல. இறங்கினதும் வாங்கிடலாம்னு ஜனம் வரிசையில நிக்குது. உன் கட்டிக்கு ரேட்டுக்கு மேல போட்டுத் தரேன்" என்றார். பேச்சளவில் தங்கத்தை விற்கிறவர்கள் அதிகம், கையில் தங்கத்தைக் கொடுக்கிறவர்கள் குறைவு. விற்பனை வடிகிறது என்று அவளுக்குப் பட்டது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? ஓரகத்தி அவளிடம் கேட்கவில்லையே. அவள்தானே ஏன் என்று சொல்லத் தெரிந்தவள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டியக்கா கழிப்பறைப் பக்கம் போனாள். கதவுக்கு வெளியே, தண்ணீர் ட்ரம்மின் மேல் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். போனில் கட்டிக்காரர் பேசியிருக்கிறார். மாலை ஐந்து மணிக்குள் முன்பணத்தைக் கூட்டவில்லையென்றால் பதிந்த எடையை விற்றுவிடுவார். சொந்தச் சேமிப்பு முன்பே போய்விட்டது. புருஷனிடமும் சொல்லவில்லை, மாமியாரிடமும் சொல்லவில்லை. இதுவரை வந்த நஷ்டத்தை அப்படியே முடித்தால் கடையின் பெட்டியில் பாதி காலியாகும்.

கட்டியக்கா ஒரு நொடி அங்கேயே நின்றாள். பேசாமல் திரும்பிப் போனால் போதும். ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். நாளைக் காலையில் போன் தன் மேசைக்கு வந்துவிடும். கேட்க வேண்டியதுகூட இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் பாதி தன்னுடையது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. போன் வந்து என்ன, விற்கத் தங்கம் இல்லாத கடையில் யாருக்கு போன் பண்ணுவது?

"எந்திரி" என்றாள்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப வித்தா அடிமட்டத்துல விக்கிற. விக்கிறவங்க கதையை நான் ஒரு வாரமா பாத்துட்டிருக்கேன். யாரும் தங்கம் வேணாம்னு விக்கல. வேற வழி இல்லாம விக்கிறாங்க. அது வடியுது. கட்டிக்குத் தட்டுப்பாடு வந்தாச்சு."

"நிச்சயமா தெரியுமா அக்கா?"

"தெரியாது. உனக்கு வட்டி பத்தித் தெரியும்ல, நீ சொல்லு. குறைப்பாங்களா?"

"குறைப்பாங்க. குறைக்காம முடியாது. நாளோ வாரமோதான் தெரியல. அதுவரை தாங்கணுமே. வட்டியைக் குறைக்காம விட்டுட்டா ரெண்டு பேரும் முழுகிடுவோம்."

கட்டியக்கா தன் கையைப் பார்த்தாள். அம்மா வீட்டிலிருந்து போட்டு அனுப்பிய ஆறு வளையல்கள். கடையில் யாருக்கும் அதில் பங்கில்லை. "இதை முன்பணமா வைக்கிறேன். கட்டிக்காரர் என் தங்கத்தை உரசக்கூட மாட்டார். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அக்கா."

"போன் எனக்கு வரணும். நீயா அத்தைகிட்ட சொல்லிக் குடுக்கணும்."

சொன்ன பிறகு கட்டியக்காவுக்கே காது கூசியது. முங்குகிறவளிடம் கயிற்றுக்கு விலை பேசுகிறோம். ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சின்னவள் ட்ரம்மிலிருந்து இறங்கினாள். பிறகு, "இதுக்குத்தானா அக்கா இத்தனை நாளா எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம் இருந்தது. அந்தப் போன் ஒருத்தியின் ராஜ்ஜியம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது போல. கட்டியக்காவுக்கு அது இன்னும் எரிந்தது. தான் இத்தனை வருடம் பொறாமைப்பட்டது எதிராளிக்குத் தெரியவே இல்லை என்றால், அந்தப் பாடு எல்லாம் வீணா?

வளையல்கள் சோப்புத் தண்ணீரில்தான் கழன்றன. கட்டிக்காரர் அவற்றை வாங்கி எடை போட்டு வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் துணிச்சல்தான்" என்றார். பாராட்டா, எச்சரிக்கையா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அன்றைக்கு இருவரும் ஒரே டம்ளர் டீயை ஆறவிட்டுக் குடிக்காமல் வைத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. புதன்கிழமை செய்தி வந்தது. பெரிய நாட்டின் மத்திய வங்கி வட்டியைத் துடைத்து எடுத்தது; வேண்டிய அளவு பணத்தை இறக்கப்போவதாகவும் சொன்னது. கடன் கொடுத்தவர்களின் நெரிசல் தளர்ந்தது. விற்க வேண்டிய கட்டாயம் போனதும், பயந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். பயந்தவர்கள் தங்கம் வாங்கினார்கள். பத்து நாளில் இறங்கியது முழுக்கத் திரும்பி வந்தது. பதிந்த விலையைத் தொட்டதும் கட்டியக்கா, "வித்துடு" என்றாள்.

"இன்னும் ஏறும் அக்கா."

"ஏறட்டும். அது வாங்கினவங்களுக்கு. நமக்கு எடை போதும்."

விற்றார்கள். அது இன்னும் ஏறிக்கொண்டேதான் போனது. அதைப் பார்த்து இருவரும் பெருமூச்சு விட்டது வேறு கதை.

வளையல்கள் கைக்குத் திரும்பின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சின்னவள் எழுந்து நின்றாள். ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவாள், போனை மாற்றச் சொல்வாள், அவ்வளவுதான் என்று கட்டியக்கா எதிர்பார்த்தாள். அவள் முழுவதையும் சொன்னாள். கேட்காமல் பதிந்தது, மறைத்தது, ட்ரம் மேல் உட்கார்ந்து அழுதது, அக்கா வளையலைக் கழற்றியது. போனுக்கு விலை பேசியதை மட்டும் விட்டுவிட்டாள். "என் கணக்கு தப்பு இல்ல அத்தை, ஆனா நான் ஆளுங்களைப் பாக்கல. அக்கா பாத்தாங்க. போன் இனி அவங்ககிட்டயே இருக்கட்டும்."

கட்டியக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். இதோ வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

மாமியார் சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய்ச் சின்னவளின் தலையைப் புறங்கையால் தடவினாள். "தப்பு பண்ணிட்டு இப்படி நேரா வந்து சொல்ற மனசு எத்தனை பேருக்கு வரும்? என் மகளாப் பொறந்திருந்தாகூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டா." கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கட்டியக்காவின் புருஷன், அந்தப் பட்டறை மனுஷன், "நேர்மையான பொண்ணு" என்று இரண்டு தடவை சொன்னான். பிறகுதான் மாமியார் இந்தப் பக்கம் திரும்பி, "நீயும் நல்லாச் செஞ்சம்மா" என்றாள்.

நீயும். கட்டியக்காவின் தட்டில் சோறு ஆறியது. அவளுக்கு அந்தப் பழைய சிவப்புக் கல் செட்டு ஞாபகம் வந்தது. இதே கூடத்தில், இதே மாமியார் முன்னால், ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்: கல்லையும் சேர்த்து எடை போட்டுட்டேன் அத்தை. ஒருவேளை அன்றைக்கே இந்தத் தடவல் தனக்குக் கிடைத்திருக்கும். அது தெரியாமல் கண்ணாடி அலமாரியை வாங்கிக்கொண்டாள். சின்னவளின் படிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், பேச்சைப் பார்த்துப் பட்டாள், போனைப் பார்த்துப் பட்டாள். இப்போது அவள் வாயைத் திறந்து தப்பைச் சொன்ன அந்த லகுவைப் பார்த்துப் பட்டாள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. வாயைத் திறந்தாள். "மோர் ஊத்தவா?" என்று மாமியார் கேட்டாள். "ஊத்துங்க" என்றாள்.

திங்கட்கிழமை கறுப்பு போன் அவள் மேசைக்கு வந்தது. அதன் மேல் சின்னவளின் கைப்பவுடர் வாசனை இன்னும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். பின்கவுன்ட்டரை இருவரும் முறை வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று முறை சின்னவளுடையது. அவள் அங்கே போய் உட்கார்ந்த அரை மணியில், நகை விற்க வந்த ஒரு அம்மாள் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கவுன்ட்டரில் யாரும் சிரித்து அவள் கேட்டதில்லை.

சாயங்காலம் விற்ற எடையைக் கூட்டினாள். கல் பதித்தவற்றில் கல்லைக் கழித்தாள். எடுத்த பழைய தங்கத்தைக் கழித்தாள். இன்னொரு முறை பார்த்துக்கொண்டு போனை எடுத்தாள். கட்டிக்காரர் எடுத்ததும், "யாரு, பெரியம்மாவா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததோ, இவளுக்குத்தான் அப்படிக் கேட்டதோ. "அங்க எங்கயோ மறுபடி சண்டை வர்ற மாதிரி இருக்காமே. சின்னம்மா என்ன சொல்றாங்க, ஏறுமாமா?"

கட்டியக்கா சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு.

"அவ சொல்றது அவகிட்ட இருக்கட்டும். வித்த எடையைச் சொல்றேன், எழுதிக்கங்க" என்றாள்.